சீக்கிரம் வேலையை விட்டவர்கள் எந்தக் கணக்கிலிருந்து முதலில் பணம் எடுப்பது? கோத்தகிரியில் கேட்கப்பட்ட கேள்விகள்

நான் ஆடிட்டர் இல்லை. 49 வயதில் வேலையை விட்டுவிட்டுக் கோத்தகிரிக்குத் திரும்பியவன். என்னைப் போல மலையேறி வந்தவர்கள் இங்கே கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். டீக்கடையிலும் சந்தையிலும் பார்க்கும்போதெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். எண்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி, 60 வயதுக்குக் கீழே உள்ள, இந்தியாவில் வசிப்பவருக்கானவை.

வேலையை விட்டாச்சு. எஃப்.டி., பி.எஃப்., பி.பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் இருக்கு. எதை முதல்ல எடுக்கணும்?

நிரந்தரமான வரிசை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு வருடமும் உங்கள் வரிக் கணக்கில் கொஞ்சம் காலி இடம், அதாவது வரி வராமல் லாபம் எடுத்துக்கொள்ளக்கூடிய அளவு, இருக்கும். அந்த இடத்தை ஈக்விட்டி ஃபண்டின் பழைய லாபத்தால் நிரப்பிக்கொள்ள வேண்டும். இடம் இல்லாத வருடத்தில் லாபம் குறைவாக உள்ள கணக்கிலிருந்தோ, அசலிலிருந்தோ எடுக்க வேண்டும். வரியே இல்லாத பி.பி.எஃப். கடைசியில்.

பல பேர் செய்வது இதற்கு நேர் எதிர். வரியில்லாத பணம் கையில் இருக்கிறதே என்று முதலில் பி.பி.எஃப்.-ஐக் காலி செய்கிறார்கள். அந்த வருடங்களில் அவர்களுடைய காலி இடம் யாருக்கும் பயன்படாமல் போகிறது. அதை அடுத்த வருடத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. மார்ச் 31 தாண்டினால் அவ்வளவுதான்.

12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு சொல்றாங்களே, அப்புறம் எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்?

எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதுதான். வரி இல்லாத வரம்பு 4 லட்சம்தான். 4 லட்சத்துக்கு மேல் வரி போடப்படுகிறது. ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் அந்த வரியை ரிபேட் என்ற பெயரில், 60,000 ரூபாய் வரை தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். வரம்பும் தள்ளுபடியும் வேறு வேறு.

எஃப்.டி. வட்டி போன்ற, வருமான அடுக்கைப் பொறுத்து வரி வீதம் ஏறும் சாதாரண ஸ்லாப் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி உண்டு. ஈக்விட்டி ஃபண்டை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்குக் கிடையாது. அதற்கென்று தனியாக 12.5 சதவீதம் என்ற வீதம் இருக்கிறது, வருடத்துக்கு 1.25 லட்சம் லாபம் வரை விலக்கும் இருக்கிறது. அதற்கு மேல் போனால் உங்கள் மொத்த வருமானம் 9 லட்சமாக இருந்தாலும் வரி வரும்.

ஒருவருக்கு எஃப்.டி. வட்டி 6 லட்சம், ஃபண்ட் லாபம் 3 லட்சம் என்று வையுங்கள். வட்டிக்கு வரும் 10,000 ரூபாய் வரி ரிபேட்டில் போய்விடும். லாபத்தில் 1.25 லட்சம் விலக்கு போக மீதி 1.75 லட்சத்துக்கு 12.5 சதவீதம், அதாவது 21,875 ரூபாய். 4 சதவீத செஸ் சேர்த்தால் 22,750. "12 லட்சம் வரை இல்லைன்னாங்களே" என்று அவர் ரிட்டர்ன் போடும்போதுதான் கேட்பார்.

அப்போ அந்தக் காலி இடம்னா என்ன? எப்படிக் கணக்குப் போடுறது?

ஃபண்ட் லாபத்துக்கு ரிபேட் உதவாது, ஆனால் 4 லட்ச வரம்பு உதவும். உங்கள் மற்ற வருமானம் 4 லட்சத்தை எட்டவில்லை என்றால், எட்டாத அந்தத் தொகை அளவுக்கு நீண்டகால லாபத்தைக் கழித்துக்கொள்ளலாம். அதன் பிறகு 1.25 லட்சம் தனி. ஆக,

```
வரியில்லாமல் எடுக்கக்கூடிய லாபம் = (4,00,000 - மற்ற வருமானம்) + 1,25,000
```

மற்ற வருமானம் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டால் அடைப்புக்குள் இருப்பது பூஜ்யம். அப்போது 1.25 லட்சம் மட்டும்தான். வேறு வருமானமே இல்லாதவருக்கு 5.25 லட்சம்.

இங்கே லாபம் என்பது எடுத்த தொகை இல்லை, எடுத்த தொகைக்குள் இருக்கும் லாபம். ஃபண்டின் மதிப்பில் 60 சதவீதம் லாபம் என்றால் ஒரு லட்சம் எடுக்கும்போது 60,000 தான் கணக்கில் வரும், மீதி உங்கள் சொந்த முதல்.

ஒரு குடும்பத்தோட கணக்கை எடுத்துப் போட்டுக் காட்டுங்களேன்.

அரவேணுப் பக்கம் ஒரு நண்பர். வயது 48. கோவையில் ஒரு இயந்திரக் கம்பெனியில் 24 வருடம் இருந்துவிட்டு அப்பா கட்டிய வீட்டுக்கு வந்திருக்கிறார். மாதம் 60,000, வருடத்துக்கு 7.2 லட்சம் வேண்டும். எஃப்.டி. 30 லட்சம், வட்டி 7 சதவீதம். பழைய ஈக்விட்டி ஃபண்ட் ஒன்று 40 லட்சம், அதில் 60 சதவீதம் லாபம். இரண்டு வருடத்துக்கு முன் போட்ட இன்னொரு ஃபண்ட் 20 லட்சம், அதில் 20 சதவீதம்தான் லாபம். பி.எஃப்.-இல் 28 லட்சம், பி.பி.எஃப்.-இல் 18 லட்சம்.

ஒரு மழை நாளில், நான்கு தாளை ஒட்டி, பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டு வந்தார். அவர் கணக்கு இது: எஃப்.டி. வட்டி 2.1 லட்சம். மீதி 5.1 லட்சத்தைப் பழைய ஃபண்டிலிருந்து எடுத்தால் அதில் லாபம் 3.06 லட்சம். காலி இடம் 1.9 லட்சம், அதோடு 1.25 சேர்த்தால் 3.15. லாபம் அதற்குள் இருக்கிறது, வரி பூஜ்யம்.

கணக்கு சரி. ஆனால் பி.எஃப். கட்டத்தில் வட்டிக்கு நேராகக் கோடு போட்டு விட்டிருந்தார். வேலையை விட்ட பிறகு பி.எஃப்.-இல் சேரும் வட்டிக்கு வரி உண்டு. 28 லட்சத்துக்கு 8.25 சதவீதம் என்றால் 2.31 லட்சம். அதை அவர் எடுக்காவிட்டாலும் அது அவருடைய வருமானம். இரண்டு வட்டியும் சேர்த்தால் 4.41 லட்சம். காலி இடம் போயே போய்விட்டது. 3.06 லட்சம் லாபத்தில் 1.25 போக 1.81 லட்சத்துக்கு வரி, செஸ் சேர்த்து 23,530 ரூபாய்.

அந்தத் தாளிலேயே திருத்தினோம். 5.1 லட்சத்தைப் பழைய ஃபண்டிலிருந்து எடுக்காமல் புதிய ஃபண்டிலிருந்து எடுத்தால் லாபம் 1.02 லட்சம்தான். அது 1.25 லட்ச விலக்குக்குள் அடங்கிவிடும். கைக்கு வரும் பணம் அதே 5.1 லட்சம், வரி இல்லை. அடுத்த வருடம் அந்த ஃபண்ட் 10 சதவீதம் ஏறியிருந்தால் லாபப் பங்கு 27 சதவீதம் ஆகியிருக்கும். அப்போது அதிலிருந்து 4.5 லட்சம் மட்டும் எடுத்துவிட்டு, பற்றாக்குறையை எஃப்.டி. அசலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அசலை எடுப்பது வருமானமே இல்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு காபி கொண்டுவந்த அவருடைய மனைவி, "என்னோட ஃபண்ட் இதுல எங்கேயும் வரலையே?" என்று கேட்டார். அவர் 11 வருடம் ஆசிரியையாக இருந்தவர். தன் சம்பளத்தில் போட்ட ஃபண்ட் 14 லட்சமாக நிற்கிறது. போட்டது 6 லட்சம், லாபம் 8 லட்சம். வேறு வருமானம் எதுவும் இல்லை. அதாவது அவருடைய காலி இடம் முழுசாக 5.25 லட்சம், வேலையை விட்ட நாளிலிருந்து வருடா வருடம் வீணாகிக்கொண்டிருக்கிறது. அந்த 5.1 லட்சத்தை அவர் ஃபண்டிலிருந்து எடுத்தால் லாபம் சுமார் 2.91 லட்சம். வரி இல்லை. மீதி இருக்கும் 2.34 லட்ச இடத்துக்கும் லாபத்தை விற்றுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அதைக் கீழே சொல்கிறேன். கணவர் பெயரில் உள்ள ஃபண்டுகளை இந்த வருடம் செலவுக்காகத் தொடவே வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும்: வரி பூஜ்யமாக இருந்தாலும், விலக்குகளுக்கு முந்தைய வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் அந்த அம்மா தன் பெயரில் ரிட்டர்ன் போட வேண்டும்.

அப்படின்னா நானே மனைவி பேருக்குக் கொஞ்சம் யூனிட்டை மாத்திக் கொடுத்துட்டு விக்கச் சொல்லலாமா?

கூடாது. மாற்றிக் கொடுக்கத் தடை இல்லை, ஆனால் பயன் இல்லை. மனைவிக்கோ கணவருக்கோ அன்பளிப்பாகக் கொடுத்த சொத்திலிருந்து வரும் வருமானம் கொடுத்தவர் கணக்கில்தான் சேரும். எஃப்.டி.-யை ஜாயின்ட்டாகப் போட்டாலும் யார் பணமோ அவருக்குத்தான் வட்டி. அந்த ஆசிரியை விஷயத்தில் அது அவர் சம்பாதித்த பணம், அதனால்தான் வேலை செய்கிறது. அவர் வேலை பார்த்த காலத்துச் சம்பளக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

பெற்றோருக்கோ 18 வயது முடிந்த பிள்ளைக்கோ கொடுத்தால் இந்தச் சேர்ப்பு விதி வராது. ஆனால் கொடுத்த பணம் கொடுத்ததுதான். வரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவுக்கு வைத்திருந்த பணத்தைக் கை மாற்றிவிட்டுப் பிறகு மகனிடம் கேட்டு நிற்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பி.எஃப். வட்டிக்கு வரின்னா அதை உடனே எடுத்துடலாமே?

நண்பரும் இதைத்தான் கேட்டார். ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, வேலையை விட்ட நாள் வரை சேர்ந்த பி.எஃப். தொகை முழுவதும் வரியில்லாமல் வரும். அதற்குப் பிறகு சேரும் வட்டிக்குத்தான் வரி. அதனால் எடுக்கலாம். ஆனால் எடுத்து எங்கே வைப்பீர்கள்?

7 சதவீத எஃப்.டி.-யில் போட்டால் அந்த வட்டியும் அதே காலி இடத்தைத்தான் தின்னும். அதோடு 28 லட்சத்துக்கு 1.25 சதவீத வித்தியாசம், வருடத்துக்கு 35,000 ரூபாய் போகும். 23,530 ரூபாய் வரியை மிச்சப்படுத்த 35,000 ரூபாய் வட்டியை விட்ட கதையாகிவிடும். அதிலும் அந்த வரியைத்தான் ஃபண்டை மாற்றி எடுத்தே தவிர்த்துவிட்டோமே.

என் கருத்து: இரண்டும் ஒரே மாதிரி வரிக்குள் வருவதால் எஃப்.டி.-யை முதலில் கரைக்க வேண்டும், பி.எஃப். பின்னால். ஒன்று மறக்கக் கூடாது. பி.எஃப். வட்டி வட்டிக்கு வட்டியாக வளரும், அதனால் எஃப்.டி. கரைந்தாலும் காலி இடம் பெரிதாகத் திறந்துவிடாது. 58 வயதுக்கு மேல் வட்டியும் நின்றுவிடும். புதிய ஃபண்ட் தீர்ந்து, பழைய ஃபண்டை உடைக்க வேண்டிய காலம் வரும்போது பி.எஃப்.-ஐ முழுதாக எடுத்துவிடுவது சரியான நேரம். எடுக்கும்போது ஏப்ரலில் எடுத்தால் அந்த வருட இடம் முழுசாகக் கிடைக்கும். ஜனவரியில் எடுத்தால் ஒன்பது மாத வட்டி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

ஐந்து வருடம் முடியாமல் வேலையை விட்டவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்களுக்கு எடுக்கும் பணத்துக்கே வரி வரலாம்.

ஒரே ஃபண்டுல பத்து வருஷமா எஸ்.ஐ.பி. போட்டிருக்கேன். புதுசா வாங்கின யூனிட்டை மட்டும் விக்க முடியுமா?

ஒரே ஃபோலியோவுக்குள், அதாவது ஒரே ஃபண்ட் கணக்கு எண்ணுக்குள், முடியாது. முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கு. அதில்தான் லாபம் அதிகம். நீங்கள் தேர்ந்தெடுக்கக்கூடியது எந்த ஃபோலியோ என்பதை மட்டும்தான். அதனால்தான் லாபம் அதிகமான ஃபோலியோ ஒன்று, குறைவான ஃபோலியோ ஒன்று என்று இரண்டு இருப்பது வசதி. இடம் இருக்கும் வருடம் முதலாவதைத் திறக்கலாம், இல்லாத வருடம் இரண்டாவதை.

எஸ்.ஐ.பி.-யில் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக 12 மாதம் எண்ண வேண்டும். போன ஜூனில் வாங்கிய யூனிட்டை இந்த ஏப்ரலில் விற்றால் அது குறுகிய கால லாபம், 20 சதவீதம் வரி, 1.25 லட்ச விலக்கும் அதற்குக் கிடையாது. 31.1.2018-க்கு முன்பே வாங்கியவை இருந்தால் வாங்கிய விலைக்குப் பதிலாக அந்தத் தேதியின் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், லாபம் குறையும். ஃபண்ட் நிறுவனம் தரும் மூலதன ஆதாய அறிக்கையில் அது ஏற்கெனவே கணக்கிடப்பட்டு வரும்.

எனக்கு இந்த வருஷம் பணமே தேவையில்லை. அப்பவும் விக்கணுமா?

இடம் இருந்தால் விற்றுவிட்டு மறுபடி வாங்குங்கள். இந்தியாவில் லாபத்தில் விற்ற ஃபண்டை உடனே திரும்ப வாங்கக் கூடாது என்று விதி இல்லை. விற்பதால் அந்த லாபம் இந்த வருடக் காலி இடத்தில் அடங்கிவிடும், வாங்கும்போது உங்கள் முதல் புதிய விலைக்கு உயர்ந்துவிடும். பின்னாளில் எடுக்கும்போது லாபப் பங்கு குறைவாக இருக்கும்.

60 சதவீத லாபம் உள்ள ஃபண்டில் 1.25 லட்சம் லாபத்தைக் கழிக்க சுமார் 2,08,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். திரும்ப வாங்கும்போது புதிய ஃபோலியோவில் வாங்குங்கள், பழையதோடு கலந்தால் முன்சொன்ன வரிசையில் அது கடைசியாகத்தான் வெளியே வரும். புதிய யூனிட்டுக்கு 12 மாதம் மறுபடி முதலிலிருந்து ஓடும், ஒரு வருடத்துக்குள் எடுத்தால் எக்ஸிட் லோடு என்று ஃபண்ட் நிறுவனம் பிடிக்கும் கட்டணமும் இருக்கலாம். அடுத்த பன்னிரண்டு மாதச் செலவுக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். 2024-25 இடத்தைக் கடைசி நாளில் நிரப்பிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மார்ச் 29, சனிக்கிழமை இரவு உட்கார்ந்து விற்கச் சொல்லி ஆர்டர் போட்டேன். திங்கட்கிழமை 31-ஆம் தேதி ரம்ஜான், சந்தை விடுமுறை. ஆர்டர் ஏப்ரல் 1-ஆம் தேதி விலைக்குப் போனது, அதாவது அடுத்த நிதியாண்டுக்கு. ஒரு வருட 1.25 லட்சம் போச்சு. அது வரியாக 16,250 ரூபாய் மதிப்புள்ள இடம். ஆர்டர் போடும் நாள் கணக்கில்லை, எந்த நாள் விலை கிடைக்கிறதோ அந்த நாள்தான் கணக்கு. வேலை நாளிலேயே மாலை 3 மணிக்குப் பிறகு போட்டால் அடுத்த வேலை நாள் விலைதான். இப்போதெல்லாம் டிசம்பரில் ஒருமுறை வட்டியைக் கூட்டிப் பார்க்கிறேன், மார்ச் முதல் வாரத்தில் விற்றுவிடுகிறேன். எங்கள் பக்கம் ஒரு காற்று அடித்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்து போகும், கடைசி வாரத்தை நம்புவதற்கில்லை.

கடன் ஃபண்டுக்கு இப்போ சலுகையே இல்லைங்கறாங்க. எஃப்.டி.-யே போதுமா?

2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்டின், அதாவது கடன் பத்திரங்களில் பணம் போடும் ஃபண்டின், லாபத்துக்கு எத்தனை வருடம் வைத்திருந்தாலும் ஸ்லாப் வரிதான். சலுகை போய்விட்டது என்று பலர் கைகழுவிவிட்டார்கள். ஆனால் நம் மாதிரி ஆட்களுக்கு அதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. ஸ்லாப் வருமானம் என்பதால் அதற்கு ரிபேட் உண்டு. எஃப்.டி. வட்டி வருடா வருடம் வந்து இடத்தை அடைக்கும், கடன் ஃபண்டில் விற்கும் வருடத்தில்தான் லாபம் கணக்கில் வரும். எப்போது என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

அதனால் வருடங்களைப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு வருடம் கடன் ஃபண்டைத் தொடாமல், காலி இடம் முழுவதையும் ஈக்விட்டி லாபத்துக்கு விடுவது. அடுத்த வருடம் இரண்டு வருடச் செலவுக்கு வேண்டியதைக் கடன் ஃபண்டிலிருந்து எடுப்பது, அதன் லாபம் 4 லட்சத்தைத் தாண்டினாலும் ரிபேட் பார்த்துக்கொள்ளும். அந்த வருடம் ஈக்விட்டியில் 1.25 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 12 லட்சத்தைக் கூட்டும்போது அந்த 1.25 லட்சத்தையும் சேர்த்தே கூட்டுங்கள், விலக்கு என்றாலும் மொத்த வருமானத்தில் அது இருக்கிறது. வரம்பை உரசிக்கொண்டு போகாமல் ஐம்பதாயிரமாவது கீழே நிற்பது நிம்மதி.

2023 ஏப்ரலுக்கு முன் வாங்கிய கடன் ஃபண்ட் வேறு சாதி. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம், ரிபேட் இல்லை, 1.25 லட்ச விலக்கும் இல்லை. ஆனால் 4 லட்சத்தில் காலி இடம் இருந்தால் அதில் அடங்கும்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கு. பசுந்தேயிலை வித்த பணமும் இதுல வருமா?

இலையைப் பறித்து அப்படியே ஃபேக்டரிக்குக் கொடுத்துவிட்டால் அது விவசாய வருமானம், வருமான வரி இல்லை, 4 லட்ச இடத்தையும் அடைக்காது. மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல சௌகரியம். மற்ற வருமானம் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டால் மட்டும் வீதத்தைக் கணக்கிடுவதற்காக விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சிறு விவசாயியின் அளவில் அதனால் வரும் வித்தியாசம் பெரும்பாலும் ரிபேட்டுக்குள் கரைந்துவிடும். ரிட்டர்னில் காட்ட மட்டும் மறக்காதீர்கள், இலை கொடுத்த ரசீதுகளையும் உரச் செலவு பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாகத் தேயிலைத்தூள் தயாரித்து விற்றால் கதை வேறு. அந்த வருமானத்தில் 40 சதவீதம் வியாபார வருமானமாகக் கணக்காகும்.

பி.பி.எஃப்.-ஐ எப்போதான் தொடுறது?

மற்ற வழிகள் அடைபடும் வருடத்தில். உதாரணமாகக் கோவையில் இருந்த மனையை விற்றீர்கள், அந்த லாபமே இடத்தை எல்லாம் எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். அந்த வருடம் வீட்டுச் செலவுக்குப் பி.பி.எஃப்.-இலிருந்து எடுத்தால் வருமானத்தில் ஒரு ரூபாய்கூடச் சேராது.

15 வருடம் முடிந்ததும் மூட வேண்டியதில்லை. ஐந்து ஐந்து வருடமாக நீட்டிக்கலாம். பணம் போடாமல் நீட்டித்தால் நிதியாண்டுக்கு ஒருமுறை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். பணம் போட்டு நீட்டித்தால் அந்த ஐந்து வருடத்துக்கும் சேர்த்து, தொடக்கத்தில் இருந்த தொகையில் 60 சதவீதம் வரைதான். ஒருமுறைதான் எடுக்க முடியும் என்பதால் அந்த வருடத்துக்கு வேண்டியதைச் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

என்.பி.எஸ்.?

60 வரை விட்டுவிடுங்கள். முன்கூட்டியே வெளியேறினால் பெரும்பகுதியை மாதாமாதம் வரும் ஆனுவிட்டியில் போட வேண்டியிருக்கலாம். அந்த ஆனுவிட்டிக்கு ஸ்லாப் வரி, ஆயுள் முழுக்கக் காலி இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும்.

எனக்கு வரியே வராதே, பேங்க்ல 15ஜி ஃபார்ம் கொடுத்துட்டா டி.டி.எஸ். பிடிக்க மாட்டாங்கதானே?

இரண்டு நிபந்தனை இருக்கிறது, இரண்டாவதைப் பலர் படிப்பதில்லை. வரி பூஜ்யமாக இருந்தால் மட்டும் போதாது, உங்கள் மொத்த வட்டி வருமானமும் 4 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மேலே சொன்ன நண்பருக்கு வட்டி 4.41 லட்சம். ரிபேட்டால் வரி வராது, ஆனாலும் 15ஜி கொடுக்க முடியாது. ஒரே வங்கியில் வட்டி 50,000 தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சந்தை விழுந்த வருஷத்துல என்ன பண்றது?

செலவுக்கு எஃப்.டி. அசல், போதாவிட்டால் பி.பி.எஃப். அப்போது ஈக்விட்டியை விற்றுச் சாப்பிட வேண்டாம்.

வரிக்காக நஷ்டத்தில் விற்பது பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. வேலையில் இருந்தபோது மார்ச் மாதம் நஷ்டத்தை விற்று லாபத்தோடு கழித்துப் பழகியிருப்போம். இப்போது அதே பழக்கம் கெடுதல். நஷ்டம் முதலில் லாபத்தோடு கழியும், அதற்குப் பிறகுதான் விலக்கைப் பார்ப்பார்கள். ஏற்கெனவே வரியில்லாத 1.25 லட்சம் லாபத்தோடு ஒரு லட்சம் நஷ்டத்தைக் கழித்தால் அந்த நஷ்டம் எதற்கும் உதவாமல் செலவழிந்துவிடும். லாபமே எடுக்காத வருடத்தில் விற்றால், ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டு எட்டு வருடம் வரை முன்னே எடுத்துப் போகலாம். ஆனால் அடுத்து லாபம் வரும் வருடத்திலேயே அது கழிந்துவிடும், எந்த வருடம் என்று நாம் பொறுக்க முடியாது. மனை விற்கும் வருடம் பக்கத்தில் இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் அந்த யூனிட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.